தார் போல மலம் போனால்

அந்தக் கொத்தனாருக்கு 54 வயது. "டாக்டர், ரெண்டு நாளா தார் மாதிரி வெளிய போகுது, தலை சுத்துது" என்று வந்து உட்கார்ந்தார். மூட்டு வலிக்காக இரண்டு மாதமாக மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கித் தினமும் போட்டிருக்கிறார். மலம் கறுப்பாக, பிசுபிசுவென்று, கெட்ட நாற்றத்தோடு போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது.

எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண் தெரிந்தது. அங்கிருந்து சின்னத் துணுக்கு எடுத்து யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைத்தோம். அரை மணி நேரத்தில் இளஞ்சிவப்பாக மாறியது: ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறது. இந்தக் கிருமிக்கும் வயிற்று நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனாலும் நம் ஊரில் பழி இன்னும் காரக் குழம்பின் மேல்தான்.

இவருக்கு இரண்டு காரணங்களும் சேர்ந்துவிட்டன. கிருமி இரைப்பைச் சுவரை அழற்சியாக்கும். வலி மாத்திரையோ, சுவரைக் காக்கும் சளிப்படலத்தைச் சுரக்க வைக்கும் பொருளையே குறைத்துவிடும். "ஊசியாப் போட்டுக்கிட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். ஆகும். அந்த மருந்து ரத்தத்தின் வழியாகவும் இந்த வேலையைச் செய்யும்.

வலி மாத்திரையை நிறுத்தி, அமாக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின், அமிலம் குறைக்கும் மாத்திரை மூன்றையும் காலையும் இரவும் 14 நாள் எழுதிக் கொடுத்தேன். எதற்கு இரண்டு ஆன்டிபயாட்டிக்? ஒன்றுக்கு அடங்காமல் தப்பும் கிருமியை மற்றது பிடிக்க வேண்டும். அமிலம் குறைந்தால்தான் இரண்டும் சரியாக வேலை செய்யும்.

ஆறாம் நாள் நிறுத்திவிட்டார். வயிற்று வலி போய்விட்டதாம், வாயெல்லாம் கசப்பாம். அந்த நிம்மதி அமில மாத்திரை தந்தது, கிருமி சாகவில்லை. பிறகு செய்த மலப் பரிசோதனையில் பாசிட்டிவ்.

ஒரு முறை தோற்ற கிளாரித்ரோமைசினை மறுபடி கொடுப்பதில்லை. இந்த முறை பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமில மாத்திரை என்று நான்கு, அதுவும் 14 நாள். பிஸ்மத்தாலும் மலம் கறுக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லையென்றால் பயந்துபோய் இதையும் நிறுத்தியிருப்பார். பிசுபிசுப்போ தலைசுற்றலோ இருந்தால் மட்டும் உடனே வரச் சொன்னேன். மது கூடாது என்றதும் கொஞ்சம் முகம் வாடினார்.

கிருமி போனதா என்று உடனே பார்க்க முடியாது. ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் ஆக வேண்டும், அமில மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வந்துவிடும். அவர் காத்திருந்து செய்தார்: நெகட்டிவ். இரைப்பைப் புண்ணுக்குள் புற்றுநோய் மறைந்திருக்கலாம் என்பதால் மறுபடியும் எண்டோஸ்கோப்பி பார்த்தோம். புண் ஆறி, வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. மூட்டு வலிக்கு இப்போது பாரசிட்டமால்தான் போடுகிறார்.