லெட்ஜர்ல 30,500 இருக்கு, ஆனா 20,000 தவணை ஏன் பவுன்ஸ் ஆச்சு?

பேங்க்ல கஸ்டமர் சர்வீஸ் சீட்ல உக்காந்து பல வருஷமாச்சு, இன்னிக்கும் வாரம் ஒரு தடவையாவது யாராவது போனை நீட்டி "என் காசு என் அக்கவுண்ட்லயே இருக்கு, ஆனா எடுக்க விடமாட்டேங்கறீங்க"ன்னு கேக்கறாங்க. போன மாசம் வந்த ஒரு அம்மாவோட கேஸை மட்டும் சொல்றேன், பேரு ஊரு வேண்டாம்.

அவங்க ஆப்ல லெட்ஜர் பேலன்ஸ் 30,500, அவைலபிள் பேலன்ஸ் 18,500. அன்னிக்கு காலைல லோன் தவணை 20,000 போகணும், போகல, பவுன்ஸ் சார்ஜ் வேற விழுந்திருக்கு. அவங்க பாத்தது பெருசா தெரியற லெட்ஜர் நம்பரை. ஆனா தவணையோ ஏடிஎம்மோ கார்டோ எதுவா இருந்தாலும் பேங்க் சிஸ்டம் பாக்கறது அவைலபிளை மட்டும்தான். லெட்ஜர்ங்கறது கணக்குல இதுவரைக்கும் பதிவாகி முடிஞ்ச வரவு செலவு, அவ்ளோதான். வரப்போற செலவுக்காக ஒதுக்கி வச்ச தொகை அதுல கழியவே கழியாது.

நான் முதல்ல பண்ணினது ஒரே ஒரு கழித்தல். 30,500ல 18,500 போனா 12,000. இந்த 12,000 எங்கயாவது ஞாபகம் வருதான்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சு, போன வாரம் ஒரு ஹோட்டல்ல தங்கினோம், செக் இன்ல டெபாசிட்னு டெபிட் கார்டை ஸ்வைப் பண்ணாங்க, அது 12,000தான்னாங்க. ஆனா கிளம்பும்போது பில் 9,500தான் கட்டினோம், டெபாசிட் தானா வந்துரும்னு சொன்னாங்களேன்னு கேட்டாங்க.

நடந்தது இதுதான். செக் இன் அப்போ அவங்க லெட்ஜர் 40,000. ஹோட்டல் 12,000க்கு ப்ரீ ஆத் கேட்டுச்சு, அதாவது பின்னாடி எடுத்துக்கறதுக்கு முன்கூட்டியே அனுமதி, பேங்க் சரின்னு ஒரு அப்ரூவல் கோடு குடுத்து அந்த 12,000ஐ வேற எதுக்கும் எடுக்க முடியாம ஹோல்டுல வச்சுது, அதனால அவைலபிள் 28,000 ஆச்சு, லெட்ஜர் அப்படியே 40,000. பணம் ஹோட்டலுக்கு போகல, அதனாலதான் ஸ்டேட்மென்ட்ல தேடினாலும் இந்த வரி கிடைக்காது. கிளம்பும்போது ரிசப்ஷன்ல அந்த பழைய ப்ரீ ஆத்தையே 9,500க்கு முடிச்சிருந்தா மிச்சம் தானா விடுபட்டிருக்கும். ஆனா அவசரத்துல புதுசா ஒரு ஸ்வைப் போட்டுட்டாங்க. புது அப்ரூவல் கோடு, புது தொகை, அதை பழைய ஹோல்டோட சேத்துப் பாக்க சிஸ்டத்துக்கு வழியே இல்ல. அவைலபிள் இன்னும் 9,500 குறைஞ்சு 18,500. ரெண்டு நாள் கழிச்சு அந்த 9,500 மட்டும் பதிவாகி லெட்ஜர் 30,500 ஆச்சு, 12,000 அப்படியே தொங்கிட்டு நிக்குது.

இங்கதான் கஸ்டமருக்கு எங்க மேல கோவம் வரும், நீங்களே ஹோல்டை எடுத்து விடலாமேன்னு. எங்களால சட்டுனு எடுக்க முடியாது, ஏன்னா அப்ரூவல் கோடு குடுத்ததே "நீ கேட்டா தரேன்"ங்கற வாக்குதான். நாங்க ஹோல்டை எடுத்துட்டு, கஸ்டமர் செலவு பண்ணின அப்புறம் ஹோட்டல் அந்த ஹோல்டோட கெடுவுக்குள்ள அந்தத் தொகையை கேட்டா பேங்க் குடுத்தே ஆகணும். கெடு முடிஞ்சா ஹோல்டு தானா விழுந்துரும், சாதாரண கடை ஸ்வைப்னா பெரும்பாலும் ஒரு வாரம் போல, ஹோட்டல், வாடகை கார் மாதிரி இடம்னா கார்டு நெட்வொர்க்கையும் பேங்கையும் பொறுத்து ஒரு மாசம் வரைக்கும் கூட இழுக்கும்.

சீக்கிரம் வேணும்னா ஹோட்டல்காரங்கதான் ரிவர்சல் அனுப்பணும். இதை ரீஃபண்ட்னு கேக்காதீங்க, கேட்டா அவங்க கணக்கைப் பாத்துட்டு "எங்களுக்கு அந்தப் பணமே வரலயே"ம்பாங்க, அது உண்மையும் கூட. "ப்ரீ ஆத்தை கேன்சல் பண்ணி ரிவர்சல் அனுப்புங்க"ன்னு சொல்லுங்க, செக் இன்ல குடுத்த சிலிப்ல இருக்கற அப்ரூவல் கோடையும் சேத்து சொல்லுங்க. அந்த அம்மாகிட்ட நல்லவேளையா சிலிப் இருந்துது. ஹோட்டல் லெட்டர்ஹெட்ல கோடு, தொகை, தேதி, கார்டோட கடைசி நாலு நம்பர் போட்டு "இந்தத் தொகையை நாங்க கேக்க மாட்டோம்"னு எழுதி வாங்கி அனுப்பினாங்க, அதை வச்சு நாங்க ஹோல்டை எடுத்தோம். பவுன்ஸ் சார்ஜை மட்டும் எங்களால திருப்பித் தர முடியல, எனக்கே கஷ்டமா இருந்துது.

எல்லா வித்தியாசமும் ஹோல்டுதான்னு இல்ல, நீங்க போட்ட செக் இன்னும் கிளியர் ஆகலன்னாலும் லெட்ஜர்ல ஏறி அவைலபிள்ல ஏறாம நிக்கும், அதுக்கு யாரையும் துரத்த வேண்டாம், கிளியரிங் முடியணும். அதனால முதல்ல ரெண்டு நம்பரையும் கழிச்சு, வர்ற தொகை சமீபத்துல போட்ட செக்கா, கார்டு குடுத்த டெபாசிட்டான்னு பாருங்க. அடுத்த தடவை ஹோட்டல்ல கிளம்பும்போது கார்டை நீட்டறதுக்கு முன்னாடியே "செக் இன்ல போட்ட ப்ரீ ஆத்லயே பில்லை முடிங்க"ன்னு சொல்லிடுங்க, பில்லை கேஷா கட்டினா ப்ரீ ஆத் கேன்சல் பண்ணின சிலிப்பை வாங்காம அந்த இடத்தை விட்டு நகராதீங்க.