ரேட்டிங் 4.3, சரி... எந்த மாசம் போட்டது?

சென்னையில 11 வருஷமா ரெக்ரூட்மெண்ட் வேலை பாக்குறேன், ஆஃபர் லெட்டர் கையில வந்ததும் கம்பெனியில வேலை பாத்தவங்க ரிவ்யூ போடுற கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ் சைட்டோட ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி "இது ஓகேவா"ன்னு கேக்குறவங்க மாசம் நாலஞ்சு பேராவது இருப்பாங்க. எல்லாரும் அனுப்புறது அந்த ஸ்டார் நம்பரைத்தான். எனக்கு அது பத்தாது, ரிவ்யூ போட்ட தேதிதான் வேணும்.

போன வருஷம் என் சித்தப்பா பையன் கேட்டான், "அண்ணா, ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனி, 4.3 இருக்கு, சேரலாமா?" மொத்தம் 27 ரிவ்யூ. லேட்டஸ்ட் மேல வர்ற மாதிரி சார்ட் பண்ணி ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். அதுல 14 ரிவ்யூ ஒரே மாசத்துல வந்தது, பதினாலும் அஞ்சு ஸ்டார். நல்லதுங்குற இடத்துல "சூப்பர் கல்ச்சர், சப்போர்ட்டிவ் டீம்", கெட்டதுங்குற இடத்துல "ஒண்ணுமில்ல". நான் கணக்கு போட்டேன். 27 ரிவ்யூ 4.3ன்னா மொத்தம் கிட்டத்தட்ட 116 ஸ்டார், அந்த 14 பேரோட 70-ஐ கழிச்சா 13 பேருக்கு 46, அதாவது 3.5. அவன் முகம் கொஞ்சம் மாறிடுச்சு.

இப்படி ஒரே மாசத்துல ரிவ்யூ குவியறது புதுசு இல்ல, 2019-ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கிளாஸ்டோரை அலசி 400-க்கு மேல கம்பெனிங்ககிட்ட இந்த மாதிரி திடீர் ஏத்தத்தை கண்டுபிடிச்சு எழுதினாங்க. உள்ள எப்படி நடக்கும்னு எனக்கு தெரியும், ஏன்னா நானே அந்த மாதிரி மீட்டிங்ல உக்காந்திருக்கேன் (பெருமையா சொல்லல). புதுசா சேர்ந்த பசங்களுக்கு இண்டக்‌ஷன் வாரத்துலயே லிங்க் அனுப்பி "ஒரு ரிவ்யூ போட்டுடுங்கப்பா"ன்னு சொல்லுவாங்க. பத்து நாள் முன்னாடி சேர்ந்தவன் என்ன குறை சொல்லப் போறான்? அவன் பொய் சொல்லல, அவனுக்கு இன்னும் தெரியாது, அவ்ளோதான்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். ஆள் குறைச்ச வாரத்துல ஏழெட்டு ஒரு ஸ்டார் வந்து விழும், கோவம் உண்மை, ஆனா அது ஒரே சம்பவம், எட்டு சம்பவம் இல்ல. ரிவ்யூ கம்மியா இருந்தா நம்பரை சுத்தமா விட்டுடுங்க, அஞ்சு பேர் ஆளுக்கு நாலு போட்ட இடத்துல ஒருத்தன் ஒண்ணு போட்டா 4.0 நேரா 3.5 ஆயிடும். ஒரு ஆளோட சண்டை அது.

அப்போ எதைத்தான் நம்புறது? ஒருத்தரை ஒருத்தர் பாத்திருக்கவே வாய்ப்பில்லாத ஆளுங்க, வேற வேற வருஷத்துல, ஒரே சின்ன விஷயத்தை சொல்றாங்களான்னு பாருங்க. "மேனேஜ்மெண்ட் மோசம்"னு பத்து பேர் எழுதினாலும் எனக்கு அதுல ஒண்ணும் கிடைக்காது. எங்க கேஸ்ல மீதி 13-ல நாலு பேர், மூணு வருஷ இடைவெளியில, ஒருத்தர் சேல்ஸ், ஒருத்தர் டெஸ்டிங், ஒருத்தர் சப்போர்ட், இன்னொருத்தர் அக்கவுண்ட்ஸ், எல்லாரும் எழுதினது ஒண்ணே: வேலையை விட்டா வர வேண்டிய பாக்கிப் பணம், அதான் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட், கைக்கு வர ஆறு மாசம். அதுல ரெண்டு பேர் நாலு ஸ்டார் வேற போட்டிருந்தாங்க! கம்பெனி பிடிச்சும் குறை சொல்றவங்க பேச்சுக்கு நான் எப்பவும் கூடுதல் வெயிட் குடுப்பேன்.

பணம் சம்பந்தப்பட்ட புகார்னா வெளிய சரிபாக்க ஒரு வழி இருக்கு, நிறைய பேருக்கு தெரியல. பிஎஃப் பணத்தை பாத்துக்குற ஈபிஎஃப்ஓ சைட்ல Establishment Search-க்கு போய் கம்பெனி பேரைப் போட்டு View Payment Details பாத்தா எந்த மாச சம்பளத்துக்கான பிஎஃப், எந்த தேதியில கட்டினாங்க, எத்தனை பேருக்கு கட்டினாங்கன்னு காட்டும். அடுத்த மாசம் 15-க்குள்ள கட்டணும். இவங்க டிசம்பர் பிஎஃப்பை மார்ச்ல கட்டியிருந்தாங்க, ஆள் எண்ணிக்கையும் ஒரு வருஷத்துல 160-லேர்ந்து 118-க்கு இறங்கியிருந்துச்சு. அந்த 14 அஞ்சு ஸ்டாரும் ஆள் குறைஞ்ச அதே சீசன்ல வந்ததுதான். சொந்தமா பிஎஃப் ட்ரஸ்ட் வச்சிருக்குற பெரிய கம்பெனிகளுக்கு இந்த வழி உதவாது, காண்ட்ராக்ட் ஆளுங்க வேற பேர்ல இருப்பாங்க, அதனால எண்ணிக்கை குறைஞ்சாலே ஆளைத் தூக்கிட்டாங்கன்னு முடிவு பண்ணாதீங்க.

தம்பி ஹெச்ஆர் ரவுண்டுல நேராவே கேட்டான், "மேடம், கடைசியா ரிசைன் பண்ணவங்களுக்கு செட்டில்மெண்ட் எத்தனை நாள்ல வந்துச்சு?"ன்னு. அவங்க "பாலிசி 45 நாள்"னாங்க. "பாலிசி இல்ல மேடம், கடைசியா போனவருக்கு"ன்னு மறுபடி கேட்டிருக்கான். ஃபைனான்ஸ்ல கேட்டு சொல்றேன்னு சொன்னவங்க அப்புறம் அதைப் பத்தி பேசவே இல்ல, ஜாயினிங் டேட் கேட்டு மட்டும் மூணு தடவை போன் வந்துச்சு.