மாமாவின் கையை இறக்கித் தரச் சொல்லும் முன்

இந்த முகூர்த்த சீசனிலும் அதே கோரிக்கைதான். "குரூப் போட்டோவில் மாமா கையை நீட்டிட்டார், அத்தை முகம் மறையுது. போட்டோஷாப்ல கையை மட்டும் கொஞ்சம் இறக்கிடுங்க, அஞ்சு நிமிஷ வேலைதானே?" கூடவே வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு படம். சென்னையில் கல்யாண ஆல்பம் செய்யும் யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தை ஒப்பிப்பார்கள்.

தயவுசெய்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கையை இறக்கினால் பின்னால் இருக்கும் முகம் தெரியாது. திரைச்சீலையை விலக்குவது போல நினைக்கிறீர்கள். ஆனால் கைக்குப் பின்னால் இருந்ததைக் கேமரா பார்க்கவே இல்லை. கையை வெட்டி எடுத்த இடத்தில் மிஞ்சுவது ஓட்டை. அங்கே மேடைத் துணியோ பூ அலங்காரமோ இருந்தால் பக்கத்திலிருந்து க்ளோன் செய்து மூடிவிடலாம். அத்தையின் கன்னத்தையும் மூக்கையும் எங்கிருந்து கொண்டுவருவது? அதே இடத்தில் நின்று அடுத்த நொடியில் எடுத்த இன்னொரு ஃப்ரேம்தான் ஒரே வழி. கையை உயர்த்தச் சொன்னாலும் இதே கதைதான்: கை மறைத்திருந்த விலாப்பக்கத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

மாமாவையே எடுத்துக்கொள்வோம். அரைக்கை வெள்ளைச் சட்டை, வலது கை கிட்டத்தட்ட தோள் உயரத்துக்கு நீண்டிருக்கிறது. 40 டிகிரி இறக்க வேண்டும். பலர் சட்டைக்கை முடியும் விளிம்பில் தோலை வெட்டித் திருப்புகிறார்கள். சட்டைக்கை பழைய திசையைப் பார்க்க, கை வேறு திசையில் தொங்கும். பொம்மைக்கு மாட்டிய கை மாதிரி. வெட்ட வேண்டிய இடம், உடம்போடு சட்டைக்கை சேரும் தோள் தையல். துணியின் நெசவு அங்கே இயல்பாகவே திசை மாறுவதால் ஒட்டு கண்ணில் படாது. பென் டூலால் கையைச் சுற்றி வரும்போது, தையலைத் தாண்டி உடம்புப் பக்கம் 40 பிக்சல் சேர்த்து எடுங்கள். Ctrl+Enter போட்டு அந்தக் கோட்டைச் செலக்‌ஷனாக்கி, Ctrl+J போட்டுத் தனி லேயராக்கி, அதை Smart Object ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு திருப்பலுக்கும் படம் கொஞ்சம் மங்கும்.

அடுத்த தவறு சுழல் புள்ளி. Ctrl+T போட்டதும் அது கையின் நடுவில்தான் இருக்கும். புதிய பதிப்புகளில் அது தெரியவே தெரியாது. மேலே ஆப்ஷன் பாரில் டிக் செய்தால்தான் வரும். அதை அக்குளில் வைக்காதீர்கள். கை சுழல்வது தோள் முனை எலும்புக்குச் சற்றுக் கீழே உள்ள மூட்டில். அக்குளில் வைத்துத் திருப்பினால் தோள் வெளியே தள்ளி, மாமா ஒரு பக்கம் அகலமாகிவிடுவார்.

கை திரும்பியாயிற்று, வேலை முடியவில்லை. பாதி வேலை தோளில்தான். கையை உயர்த்தும்போது தோள்பட்டை எலும்பும் கூடவே ஏறுகிறது. கழுத்தோரம் துணி குவிகிறது. கை இறங்கியும் அந்தக் குவியல் அப்படியே நின்றால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும். தோள் அகலத்துக்குப் பெரிய பிரஷ், குறைந்த அழுத்தம் வைத்து லிக்விஃபையில் தோள் முனையைக் கொஞ்சம் இறக்குங்கள். குவிந்த மடிப்புகளை க்ளோன் செய்து நீக்குங்கள். அக்குளிலோ நிலைமை நேர் எதிர்: கை உயர்ந்தபோது இழுபட்டிருந்த துணி இப்போது மடிந்து விழ வேண்டும். இந்த மடிப்பைக் கையால் வரையாதீர்கள், வரைந்தது தெரிந்துவிடும். மாமா கையைத் தொங்கவிட்டு நிற்கும் வேறு ஃப்ரேமிலிருந்து அந்தப் பகுதியை எடுத்து, லேயர் மாஸ்க்கில் மென்மையான பிரஷ்ஷால் கலக்குங்கள். சென்னை மண்டபத்தில் அக்குள் வியர்வைக் கறை இல்லாத சட்டை கிடையாது. கறையின் பாதி கையோடு திரும்பி, மீதி உடம்பில் நின்றுவிடும். அதையும் பாருங்கள்.

கடைசியாக நிழல். மேலிருந்து வந்த வெளிச்சம் நீட்டிய கையின் மேல்புறம் பளிச்சென்று விழுந்திருக்கும். இறங்கிய கையில் அந்தப் பளிச் குறைய வேண்டும். கர்வ்ஸ் லேயரைக் கையோடு மட்டும் கிளிப் செய்து அடக்குங்கள். சட்டையில் பழைய கையின் நிழல் இருந்தால் அதை நீக்கி, புதிய கைக்கு ஒன்று போடுங்கள். பிறகு படத்தை இடவலமாகப் புரட்டிப் பாருங்கள். கண் பழகிப்போய் விட்ட தவறு அப்போது குதித்து வெளியே வரும்.

கை கேமராவை நோக்கி நீண்டிருந்தால் இந்த முறையே செல்லாது. முன்னால் வரும் கை குட்டையாகவும் விரல்கள் பெரிதாகவும் பதிவாகியிருக்கும். எவ்வளவு திருப்பினாலும் அது தொங்கும் கை ஆகாது. அதற்கு வேறு ஃப்ரேமின் கை வேண்டும்.

ஆகவே போட்டோகிராஃபர்களே, குரூப்புக்கு ஐந்தாறு ஷாட் தொடர்ந்து எடுங்கள், நன்றாக வந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்காதீர்கள். வீட்டுக்காரர்களே, வாட்ஸ்அப்பில் சுருங்கிய படத்தை அனுப்பாமல், போட்டோகிராஃபரிடம் அந்த வரிசை முழுவதையும் ஒரிஜினல் ஃபைலாகவே கேட்டு வாங்கி, ஆல்பம் ஷீட் பிரிண்டுக்குப் போகும் முன்பே கொடுத்துவிடுங்கள்.