கிலோவுக்கு லாபம், ஆர்டருக்குச் செலவு: மொத்த விற்பனைப் பண்ணை வீடுகளுக்கு விற்கத் தொடங்கும்போது

மொத்த வியாபாரிக்கு மட்டுமே விற்றுவந்த காய்கறிப் பண்ணைகள் நேரடியாக வீடுகளுக்கு விற்க நினைக்கும்போது, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் தருவது என் தொழில். 2020-ல் உணவகங்களும் பள்ளிகளும் மூடிக் கிடந்தபோது உலகம் முழுக்கப் பல பண்ணைகள் இந்தப் பக்கம் வந்தன. நெருக்கடி தீர்ந்த பிறகும் தொடர முடிந்தவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் நடுவே நான் பார்த்த வித்தியாசம் பெரும்பாலும் விளைச்சலில் இல்லை. ஒரு வீட்டுக்கு எத்தனை கிலோ போகிறது, ஒரு நடைக்கு எத்தனை வீடு சேர்கிறது என்ற இரண்டு எண்களில் இருந்தது.

பண்ணைக்காரர் முதலில் பார்ப்பது வியாபாரி தரும் விலையையும் கடையில் விற்கும் விலையையும்தான். நடுவில் இருக்கும் தொகை முழுவதும் தனக்குக் கிடைக்கும் என்று தோன்றிவிடுகிறது. மொத்த விற்பனையில் செலவும் வரவும் கிலோவோடு சேர்ந்தே ஏறும். வீட்டு விற்பனையில் வரவு கிலோவுக்கு வருகிறது. செலவின் பெரும்பகுதியோ ஆர்டருக்கு ஆகிறது. 2 கிலோ பெட்டிக்கும் 8 கிலோ பெட்டிக்கும் வண்டி ஒரே இடத்தில்தான் நிற்கிறது, கதவை ஒரு முறைதான் தட்டுகிறோம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாணயம் எதுவானாலும் பொருந்தட்டும் என்று அலகு என்றே சொல்கிறேன். வியாபாரி பண்ணையில் வந்து எடுக்கும் விலை கிலோவுக்கு 10 அலகு. வீடுகளுக்கு 22 அலகு. வியாபாரி எடுக்கும் சரக்கில் பொடியும் கீறலும் கலந்து போய்விடும்; வீட்டில் பெட்டியைத் திறப்பவரோ ஒவ்வொரு காயாக எடுத்துப் பார்ப்பார். தரம் பிரிக்கும்போது 100 கிலோவில் 8 கிலோ கழிந்தால், வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு கிலோவின் அடக்கமும் 10.9 ஆகிறது. இதோடு எடை குறையக் கூடாதென்று கூடுதலாகப் போடுவதும் சேரும். 2 கிலோ பையில் 50 கிராம் தாராளமாகப் போட்டாலே இரண்டரை சதவீதம் போய்விடும். ஆக வியாபாரி விலையையே அடக்கமாகக் கொண்டால் அடக்கம் சுமார் 11, 22-ல் அது போகக் கிலோவுக்குக் கிடைப்பது 11 என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஆர்டர் செலவு. கூலி நிமிடத்துக்கு 1 அலகு. ஒரு பெட்டி நிரப்ப 6 நிமிடம், அதாவது 6 அலகு. பெட்டியும் பைகளும் 7. ஆர்டர் எடுப்பது, பணம் வாங்குவது 2. வண்டி கிளம்பும் முன்பே 15 ஆகிவிட்டது. வண்டி 4 மணி நேரத்தில் 60 கிலோமீட்டர் சுற்றி 24 வீடுகளுக்குக் கொடுக்கிறது. ஓட்டுநர் கூலி 240, வண்டிச் செலவு கிலோமீட்டருக்கு 2 வீதம் 120, மொத்தம் 360. வீட்டுக்கு 15. இரண்டும் சேர்ந்து ஆர்டருக்கு 30 அலகு.

3 கிலோ வாங்கும் வீட்டிடமிருந்து 33 கிடைக்கிறது. 30 போக மிச்சம் 3. அந்த 3 கிலோவை வியாபாரிக்கே கொடுத்திருந்தாலும் ஏறக்குறைய அதே நிலைமைதான். 5 கிலோ வாங்கும் வீட்டில் 25 நிற்கிறது. அதே நடையில் 12 வீடுகள் மட்டும் இருந்து, நேரமும் தூரமும் குறையாவிட்டால் டெலிவரிச் செலவு வீட்டுக்கு 30 ஆகிவிடும். அப்போது 3 கிலோ ஆர்டர் ஒவ்வொன்றிலும் 12 அலகு கையிலிருந்து போகிறது. ஆர்டர் குறையும்போது எட்ட இருக்கும் ஒற்றை வீட்டையும் சேர்த்துக்கொள்ளத் தோன்றும். அந்த ஒரு வீட்டுக்காகக் கூடும் தூரமும் நேரமும் அருகருகே இருக்கும் மூன்று வீடுகளின் மிச்சத்தைத் தின்றுவிடலாம். ஊர் முழுக்கப் பரவுவதைவிட இரண்டு தெருக்களில் அடர்த்தியாக இருப்பது நல்லது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் பெட்டியைப் பெரிதாக்கினால் போதுமே என்று கேட்பார்கள். இங்கேதான் பேக் அளவு தனிக் கேள்வியாகிறது. பேக்கின் உச்ச அளவைத் தீர்மானிப்பது வீடு. அடுத்த டெலிவரிக்குள் அந்த வீடு எவ்வளவு தின்று தீர்க்குமோ அவ்வளவுதான் அளவு. உருளையும் வெங்காயமும் 5 கிலோ பையில் போகலாம், இரண்டு வாரம் தாங்கும். கீரை இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அளவு மிஞ்சிய பெட்டியைப் பற்றி வாடிக்கையாளர் புகார் சொல்வதே இல்லை. “போன வாரத்துதே இன்னும் இருக்கு, இந்த வாரம் வேண்டாம்” என்பார். அடுத்த முறையும் அதையே சொல்வார், பிறகு பேச்சே வராது. அதனால் விலகியவர்களின் எண்ணிக்கையைவிட ‘இந்த வாரம் வேண்டாம்’ என்றவர்களின் எண்ணிக்கையை வாராவாரம் குறித்துவைக்கச் சொல்கிறேன். அது ஏறினால் விலையைக் குறைக்கக் கூடாது. பெட்டியைச் சிறிதாக்க வேண்டும், அல்லது வார டெலிவரியை இரு வாரத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும்.

மொத்த விற்பனைப் பண்ணைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது இரண்டு மூன்று பயிரை ஏராளமாக விளைவிக்கும். எந்தக் குடும்பமும் வாரம் 5 கிலோ கேரட் தின்னாது. 5 கிலோ பெட்டி என்றால் ஏழெட்டு வகை வேண்டும். சொந்தப் பயிர் மூன்றும் போக மற்றதை அக்கம்பக்கத்துப் பண்ணைகளிடம் வாங்க வேண்டும், எது யாருடையது என்று பெட்டியில் எழுதிவிடவும் வேண்டும். வாங்கிப் போடும் காயில் கிலோவுக்கு 11 நிற்காது, ஏழோ எட்டோதான் நிற்கும். பெட்டியில் பாதி வெளியிலிருந்து வந்தால் சராசரி மிச்சம் ஒன்பதேகாலுக்கு இறங்கி, 5 கிலோ ஆர்டரில் நிற்பது 25-லிருந்து சுமார் 16 ஆகிவிடும். அடுத்த பருவத்தில் ஒரே நாளில் விதைத்து ஒரே வாரத்தில் அறுக்கும் பழக்கத்தை மாற்றி, பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் இதில் கொஞ்சம் மீட்கலாம்.

எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்ற பட்டியலோடு தொடங்குவதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு பெட்டியும் வேறு வேறாக இருந்தால் 6 நிமிடம் 12 ஆகும், தவறும் கூடும். 4 கிலோ, 7 கிலோ என்று இரண்டே பெட்டிகள். பிடிக்காத ஒரு காயை மாற்றிக்கொள்ள அனுமதி. மேலதிகமாக உருளை, வெங்காயப் பை. 4 கிலோவுக்குக் கீழே ஆர்டர் இல்லை. பையின் மேல் எடை எழுதி விற்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் சட்டம் உண்டு. தராசுக்கு முத்திரை வேண்டுமா என்பதை முதல் பெட்டிக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

வீட்டு வாசல் மட்டுமே வழி என்றும் இல்லை. ஜப்பானில் 1970-களில் வளர்ந்த தெய்கெய் முறையில் குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து விவசாயியிடமிருந்து விளைச்சலை வாங்கித் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. நம் கணக்கில் அந்த 24 பெட்டிகளையும் இரண்டு இடங்களில் இறக்கினால் 1 மணி நேரமும் 20 கிலோமீட்டரும்தான்: 60 கூட்டல் 40, மொத்தம் 100. பெட்டிக்கு 4 அலகு. வாசல் டெலிவரிக்கு ஆன 15-ல் மிச்சமாகும் 11-ன் பாதியை விலைக் கழிவாகக் கொடுத்தாலும் பண்ணைக்கு லாபம். வீட்டில் ஆளில்லாமல் பெட்டி திரும்பி வரும் தொல்லையும் குறைகிறது. ஆனால் எடுக்க வராத பெட்டிக்கும் பணம் உண்டு என்பதை முன்பணத்தோடு முதலிலேயே பேசி முடித்திருக்க வேண்டும்.

வாரம் 2,000 கிலோ அறுக்கும் பண்ணைக்கு இந்த ஒரு நடையின் 120 கிலோ எவ்வளவு என்றும் பாருங்கள். முழுக்கச் சொந்தக் காயாகவே இருந்தாலும் 24 வீடுகளிலிருந்து கூடுதலாக வருவது 600 அலகு. தொலைபேசி, பட்டியல், பாக்கி வசூல் என்று வாரம் 6 மணி நேரம் போனால் அதற்கே 360. மிச்சம் 240. கழிவும் போக மீதி சுமார் 1,870 கிலோவை எடுக்கப் போவது அதே மொத்த வியாபாரிதான். அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, அவருக்குப் போகும் நாளைத் தவிர்த்து வீட்டு நடையை வையுங்கள். இரண்டாம் நடைக்கு அலுவலக வேலை இரட்டிப்பாவதில்லை என்பதால் மிச்சம் அங்கேதான் கூடும். முதல் நடையில் 24 வீடும் நிரம்பி, சராசரி ஆர்டர் 5 கிலோவுக்குக் குறையாமல், ‘இந்த வாரம் வேண்டாம்’ என்பவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் போகாமல் ஒரு பருவம் ஓடிய பிறகு இரண்டாம் நடையைத் தொடங்கலாம்.