மாமூலுக்கும் அமலுக்கும் ஒரே வேர்: அரபு ஒப்பந்தத்தை ஊகித்துப் படிப்பவர்களுக்கு

வளைகுடா வேலை ஒப்பந்தங்களை அரபியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரத்தில் அரபு படிக்கவும் சொல்லித் தருகிறேன். முதல் வகுப்பில் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வேன். சட்டம் 'அமலுக்கு' வருகிறது. யாரோ 'மாமூல்' கேட்கிறார். இரண்டும் அரபியிலிருந்து நமக்கு வந்தவை, இரண்டுக்கும் வேர் ஒன்றே.

அந்த வேர் ஐன், மீம், லாம் என்ற மூன்று மெய்யெழுத்துகள். செய்தல், வேலை என்பது அதன் அடிப்படைப் பொருள். அமல் என்றால் வேலை. மஅமூல் என்றால் செய்யப்பட்டது. வழக்கமாகச் செய்யப்படுவது என்று பொருள் நீண்டு, நம் ஊருக்கு வந்து லஞ்சத்துக்கும் பெயராகிவிட்டது. லெபனான், சிரியா பக்கம் பேரீச்சை வைத்துச் செய்யும் பண்டிகைப் பலகாரத்துக்கும் மஅமூல் என்றுதான் பெயர்.

மூன்று மெய்களும் அப்படியே நிற்க, சுற்றியுள்ள உயிரொலியும் முன்னொட்டும் மாறும். அந்த மாற்றத்துக்கு அச்சுகள் உண்டு. அரபு இலக்கணத்தில் ஃபா, ஐன், லாம் என்ற மூன்றெழுத்தை வைத்து அச்சுக்குப் பெயர் சொல்வார்கள். ஃபாஇல் என்ற அச்சு செய்பவரைக் குறிக்கும். அதில் நம் வேரைப் போட்டால் ஆமில், தொழிலாளி. மஃப்ஊல் செய்யப்பட்டதைக் குறிக்கும், அதுதான் மஅமூல். மஃப்அல் பெரும்பாலும் இடம். மஅமல் என்றால் ஆய்வுக்கூடம்.

இப்போது வேறொரு வேர்: ஹா, ஸாத், லாம். கிடைத்தல், சேர்தல் என்பது பொருள். இதை மஃப்ஊல் அச்சில் போட்டுப் பாருங்கள் என்பேன். மஹ்ஸூல் என்று சொல்லும்போதே யாராவது 'மகசூல்!' என்று குரல் கொடுப்பார்கள். சரிதான். தஃப்ஈல் அச்சில் போட்டால் தஹ்ஸீல், வசூலித்தல். தாசில்தாரில் இருப்பது அதுதான்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் தைரியம் வந்துவிடும். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

என்னிடம் படித்த ஒருவர் தன் ஒப்பந்தத்தில் 'அஸ்ரார் அல்உமலா' என்று படித்தார். அஸ்ரார் என்றால் ரகசியங்கள் என்று தெரியும். உமலா, 'அமீல்' என்பதன் பன்மை. ஐன், மீம், லாம் தெரிகிறது. அச்சு ஃபஈல், வக்கீலும் அதே அச்சு, ஆளைக் குறிக்கிறது. ஆகவே அமீல் என்றால் வேலை செய்யும் ஆள், சக தொழிலாளர்களின் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்று முடிவுகட்டிவிட்டார். சம்பளத்தைப் பற்றிக்கூட அறைத்தோழர்களிடம் பேசக் கூடாது போலிருக்கிறது என்று பயந்தார். உண்மையில் அமீல் என்றால் வாடிக்கையாளர். நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களை வெளியிடாதே என்பதே அந்த ஷரத்து. தொழிலாளர்கள் என்பதற்குச் சொல் வேறு: உம்மால்.

அவர் வேரைத் தவறாகப் பிடிக்கவில்லை, அச்சையும் தவறவில்லை. வேர் பொருளின் வட்டாரத்தைக் காட்டும், அச்சு அது ஆளா, இடமா, செயலா என்று ஓரளவு சொல்லும். வழக்கில் எந்த ஆள் என்பதை இரண்டும் சொல்லாது. அதற்கு அகராதிதான். ஹான்ஸ் வேர் என்ற ஜெர்மானிய அறிஞர் தொகுத்த அரபு அகராதி 1952இல் ஜெர்மன் விளக்கத்தோடும் 1961இல் ஆங்கில விளக்கத்தோடும் வந்தது. அதில் சொற்கள் வேர் வரிசையில் இருக்கும். ஐன், மீம், லாம் என்ற ஒரே இடத்தைத் திறந்தால் அமல், ஆமில், அமீல் எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். ஊகம் சரியா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வேர் தேடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து. நம்பிக்கை என்பதற்கான அரபுச் சொல்லையும் நாம் 'அமல்' என்றுதான் எழுதுவோம். அதன் முதலெழுத்து ஐன் அல்ல, ஹம்ஸா. வேரே வேறு. ஆகவே குறிப்பேட்டில் தமிழோடு அரபு எழுத்தையும் எழுதச் சொல்கிறேன்.

அப்புறம், முன்னொட்டையும் உயிரெழுத்தையும் கழித்த பிறகு இரண்டு மெய்தான் மிஞ்சுகிறது என்றால், பெரும்பாலும் வேரில் வாவ் அல்லது யா இருந்து மறைந்திருக்கும். விமான நிலையத்தில் வருகைப் பலகையில் 'வுஸூல்' என்று இருக்கும். வேர் வாவ், ஸாத், லாம். நம் வசூலும் இதுவே, பணம் கைக்கு வந்து சேர்வது. தொடர்பு என்பதற்கான இத்திஸாலில் அந்த வாவ் தகரமாகிவிட்டது. ரசீது என்பதற்கான ஈஸாலில் ஈகாரத்துக்குள் போய்விட்டது. சம்பளம் வாங்கும்போது கையெழுத்துக்கு நீட்டும் தாளின் தலைப்பில் ஈஸால் என்று இருந்தால், அதை அகராதியில் அலிஃப் பகுதியில் தேடாதீர்கள். வாவ் பகுதியில் இருக்கிறது.