கை கால் விழுந்துடுச்சு என்றால் யாரும் கீழே விழவில்லை

வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குப் பேச்சுத்தமிழ் சொல்லித்தருவது என் தொழில். அதில் கணிசமானவர்கள் இளம் மருத்துவர்கள். மரபுத்தொடர் என்றதும் இவர்கள் பயப்படுவது 'காதில் பூ சுற்றுவது', 'கம்பி நீட்டுவது' மாதிரியான தொடர்களுக்குத்தான். உண்மையில் அவற்றால் பெரிய தொல்லை இல்லை. சொல்லுக்குச் சொல் பொருள் வைத்துப் பார்த்தால் அபத்தமாக இருக்கும், உடனே சந்தேகம் வந்து யாரிடமாவது கேட்டுவிடுவார்கள். சிக்கல் வேறு வகையில் இருக்கிறது. நேர்ப்பொருளும் அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்திவிடுகிற தொடர்கள் இருக்கின்றன, கேட்கிறவருக்குச் சந்தேகமே வராது.

என் மாணவர் ஒருவர் சொன்னது இது. அவசரப் பிரிவுக்கு ஒரு பெரியவரைக் கொண்டுவருகிறார்கள். மகன் சொல்கிறார்: "டீ குடிச்சிட்டு இருந்தார் சார், திடீர்னு அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு." மருத்துவர் காதில் 'அப்பா', 'விழு' இரண்டும் விழுந்தன. வயதானவர் தவறி விழுந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, எங்கே விழுந்தார், தலையில் அடிபட்டதா, இடுப்பில் வலி இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார். மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. "விழலையே சார், நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார்." பக்கத்தில் இருந்த நர்ஸ் அக்கா குறுக்கே வந்து சரிசெய்தார்கள். கை கால் விழுவது என்றால் பக்கவாதம், அதாவது அந்தப் பக்கம் செயலிழந்துவிட்டது. மூளை ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்னால் ஸ்கேன் வேறு எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் இடுப்பு எலும்பைத் தேடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வாக்கியத்தை வகுப்பில் பிரித்துப் பார்த்தோம். வினைமுற்றின் கடைசியைக் கவனியுங்கள். அப்பா விழுந்திருந்தால் மகன் "அப்பா விழுந்துட்டார்" என்றுதான் சொல்லியிருப்பார். சொன்னதோ 'விழுந்துடுச்சு', அஃறிணை முடிவு. ஆக விழுந்தது அப்பா இல்லை, கையும் காலும். அப்பாவோ 'அப்பாவுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறார், பாதிப்பு அவருக்கு. யாரோ ஒருவரின் உறுப்பு எழுவாயாக வந்து, ஆள் 'உக்கு' போட்டு நின்றால், அங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இதே 'கால்', 'விழு' இரண்டோடு 'இல்' சேர்ந்துவிட்டால் கதை வேறு. "டாக்டர் காலில் விழுந்தார்" என்றால் கெஞ்சினார் என்று பொருள், நிஜமாகவே விழுந்து கும்பிட்டும் இருக்கலாம்.

'கை ஓங்கு' என்பதும் இப்படித்தான். "ஊரில் அவர் கை ஓங்கிடுச்சு" என்றால் அவருடைய செல்வாக்கு கூடிவிட்டது. "அவர் கை ஓங்கிட்டார்" என்றால் யாரையோ அடிக்கப் போய்விட்டார். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் ஒன்றே, முடிவு மட்டும் வேறு. அகராதியில் கையையும் ஓங்குவதையும் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருந்தால் இது கிடைக்காது.

சரி, எழுவாய் இரண்டிலும் ஆளாகவே இருந்தால்? அப்போது வேற்றுமை உருபைப் பாருங்கள். நான் கரும்பலகையில் முதல் வாரமே எழுதிவிடும் இரண்டு வாக்கியங்கள்: "குழந்தைக்குக் கை கழுவிவிட்டாள்." "குழந்தையைக் கை கழுவிவிட்டாள்." முதலாவதில் சாப்பிட்டு முடித்த பிள்ளையின் கையை அம்மா கழுவுகிறாள். இரண்டாவதில் பெற்ற பிள்ளையே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். 'கு' போய் 'ஐ' வந்தது, அவ்வளவுதான். கழுவு என்ற வினைக்குச் செயப்படுபொருள் ஏற்கனவே இருக்கிறது, கை. அப்புறமும் ஒரு ஆள் 'ஐ' போட்டுக்கொண்டு வருகிறார் என்றால் 'கைகழுவு' ஒரே வினையாகிவிட்டது என்று பொருள். அந்த வினையின் செயப்படுபொருள்தான் அந்த ஆள். (இதைக் கற்றுக்கொண்ட வேகத்தில் யாரும் 'கால் கழுவு' என்பதை அதே தட்டில் வைத்துவிடாதீர்கள். 'கால் கழுவி வந்தான்' என்பதை இலக்கண நூல்கள் இடக்கரடக்கலுக்கு உதாரணமாகச் சொல்லும், மலங்கழித்துவிட்டு வந்தான் என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார்கள்.)

நடுவில் ஒரு சொல்லை நுழைத்துப் பார்க்கும் சோதனையும் சிலர் சொல்லித்தருகிறார்கள். "இடது கையைக் கழுவினான்" என்றதும் கைவிடுகிற பொருள் ஓடிவிடும், தண்ணீரும் சோப்பும் மட்டும்தான் மிஞ்சும். ஆனால் இதை முழுக்க நம்பக் கூடாது. "இடது கை விழுந்துடுச்சு" என்று தாராளமாகச் சொல்கிறோம், பொருள் மாறவில்லை, ஏனென்றால் பக்கவாதத்தில் பேசப்படுவது நிஜமான அந்தக் கைதான்.

இலக்கணம் உதவாத இடமும் இருக்கிறது. "முன்னாடி பார்த்த ஆஸ்பத்திரியில கையை விரிச்சுட்டாங்க" என்று நோயாளியின் வீட்டார் சொன்னால், எங்களால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். "கையை விரிங்க, பார்க்கலாம்" என்று அதைக் கேட்கும் மருத்துவரே தினமும் நோயாளியிடம் சொல்கிறார். உருபும் அதே 'ஐ', எழுவாயும் ஆட்கள்தான். இங்கே என் மாணவர்களை நான் செய்யச் சொல்வது, அந்தத் தொடருக்குக் கையே இல்லாத ஒரு எழுவாய் இருக்கிறதா என்று தேடுவது. 'கைவிரித்தது' என்று சேர்த்து எழுதி இணையத்தில் தேடினால் செய்தித் தலைப்புகளில் அரசு கைவிரிக்கும், வங்கி கைவிரிக்கும். மழை கைகொடுக்கும், அதே மழை அடுத்த வருஷம் கைவிடும். வங்கிக்கு விரிக்கக் கை இல்லை என்று தெரிந்ததும் நேர்ப்பொருள் தானாகவே விழுந்துவிடும், நாலைந்து தலைப்புகளைப் படித்தால் எந்தச் சூழலில் வருகிறது என்பதும் பிடிபடும். அகராதி பார்ப்பவர்களும் 'கை' என்ற சொல்லோடு நின்றுவிடாமல், வினையை அதன் பகுதிக்குக் கொண்டுவந்து, 'கைவிடு', 'கைகொடு' என்று ஒரே சொல்லாகத் தேட வேண்டும். அவை தனித் தலைச்சொல்லாக இருக்கும்.

தமிழ்க்காரரிடம் கேட்பதிலும் ஒரு விஷயம் உண்டு. "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் பெரும்பாலும் திணறுவார்கள், அல்லது அந்தத் தொடரையே திருப்பிச் சொல்வார்கள். "இதை வேறு எப்போது சொல்வீங்க?" என்று கேட்டால் மளமளவென்று வரும். பெண் பார்க்கப் போன வீட்டில் "முடிவு பண்ணாம கை நனைக்க மாட்டோம்" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் சொன்னதைக் கேட்டு, கை கழுவத் தண்ணீர் வேண்டாம் என்கிறார் போல என்று நினைத்திருந்தார் இன்னொரு மாணவர். வேறு எப்போது சொல்வீர்கள் என்று தான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாவிடம் கேட்டிருக்கிறார். "பகையான வீட்ல கை நனைக்க மாட்டோம், துஷ்டி வீட்ல சில பேர் கை நனைக்க மாட்டாங்க" என்று அந்த அம்மா அடுக்கியதும், சாப்பாட்டைப் பற்றிய பேச்சு இது என்று அவரே கண்டுபிடித்துவிட்டார்.