இஸ்திஸ்கா: மழையை வருவிக்கிற தொழுகை இல்லை

கச்சான் காற்று மாசக்கணக்கில் அடித்து, கிண்ணியா மூதூர்ப் பக்கம் கிணறுகளில் அடி தெரியத் தொடங்கினால் ஒலிபெருக்கியில் அந்த அறிவித்தல் வந்துவிடும்: நாளை காலை திடலில் "மழை வருவிக்கும் தொழுகை". நோட்டீசிலும் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள், முகநூலிலும் அப்படித்தான் போடுகிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மழையை வருவிக்கிறது யார்? தொழுகிறவனா? வருவிப்பது மந்திரவாதியின் வேலை, தொழுகிறவன் கேட்கிறவன் மட்டும்தான்.

இந்தத் தொழுகையின் பெயர் இஸ்திஸ்கா, அந்தச் சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். அரபியில் "ஸகா" என்றால் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். மக்காவுக்கு வந்த ஹாஜிகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பை "ஸிகாயா" என்றார்கள், அதுவும் இதே வேர்தான். முன்னால் "இஸ்தி" சேர்ந்தால் கேட்டல், வேண்டல் என்ற பொருள் வரும். ஆக இஸ்திஸ்கா என்றால் தண்ணீர் தரும்படி கேட்பது, அவ்வளவுதான். இஸ்திஃபார் என்பதிலும் அதே "இஸ்தி" இருக்கிறது. அதை மன்னிப்புக் கேட்டல் என்று அழகாகத் தமிழில் சொல்லத் தெரிந்த ஆட்களுக்கு இஸ்திஸ்கா வந்ததும் ஏன் "வருவித்தல்" வருகிறதென்று எனக்கு விளங்கவில்லை. மன்னிப்பு வருவித்தல் என்று யாராவது எழுதுவார்களா?

சிலர் கொஞ்சம் திருத்தி "மழைத் தொழுகை" என்கிறார்கள். சனத்துக்கு விளங்கினால் போதும்தானே என்று ஒரு மௌலவி என்னிடம் சொன்னார். விளங்கினால் சரி, ஆனால் தப்பாக அல்லவா விளங்குகிறது! மழை என்ற சொல்லே வேரில் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபு நூல்களில் இந்தத் தொழுகைக்குக் காரணமாக மழை பொய்ப்பதை மட்டும் சொல்லவில்லை, ஊற்று வற்றினாலும், இருக்கிற தண்ணீர் தேவைக்குக் காணாமல் போனாலும், உப்பாகிக் குடிக்க முடியாமல் போனாலும் தொழலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கடலும் களப்பும் சூழ்ந்த நம் ஊர் ஆட்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கும், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும், பவுசர் வரும்வரை குடத்தோடு நிற்க வேண்டியதுதான். அந்த நிலைக்கும் இஸ்திஸ்கா உண்டு என்பதை "மழைத் தொழுகை" என்ற பெயர் மறைத்துவிடுகிறது.

இன்னொரு பக்கமும் அந்தப் பெயர் இடிக்கிறது. இஸ்திஸ்கா என்றாலே தொழுகைதான் என்றில்லை. நம் ஷாஃபிஈ மத்ஹபில் அது மூன்று படி: சும்மா துஆக் கேட்பது ஒன்று, தொழுகைகளுக்குப் பின்னாலும் ஜும்ஆக் குத்பாவிலும் கேட்பது அடுத்தது, வெளியே போய் இரண்டு ரக்அத் தொழுது குத்பாவும் ஓதிக் கேட்பது எல்லாவற்றிலும் மேலானது. இமாம் அபூஹனீஃபாவோ இதற்கென்று ஜமாஅத்தாகத் தொழுவது சுன்னத் இல்லை, துஆவும் இஸ்திஃபாரும்தான் இஸ்திஸ்கா என்றார். அவருக்கு ஆதாரம், "உங்கள் இறைவனிடம் மன்னிப்புக் கேளுங்கள், அவன் உங்களுக்கு மழையைத் தொடர்ந்து அனுப்புவான்" என்ற கருத்தில் வரும் நூஹ் அத்தியாயத்து வசனம். கூடவே நபித்தோழர் அனஸ் அறிவிக்கும் சம்பவம்: நபியவர்கள் ஜும்ஆக் குத்பாவில் நிற்கும்போது ஒருவர் வந்து, கால்நடை அழிகிறது, எங்களுக்காகக் கேளுங்கள் என்றார். நபியவர்கள் நின்ற இடத்திலேயே கையை உயர்த்திக் கேட்டார்கள். தனியாக ஒரு தொழுகையும் அங்கே இல்லை. மற்ற இமாம்கள் நபியவர்கள் திடலுக்குப் போய் இரண்டு ரக்அத் தொழுத ஹதீஸை எடுத்தார்கள், அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மதும் அந்தப் பக்கம்தான்.

தொழுகையின் அமைப்பைப் பார்த்தாலும் கேட்கிறவனின் கோலம்தான் தெரியும். ஷாஃபிஈ முறையில் இமாம் முதலில் மூன்று நாள் நோன்பு பிடிக்கச் சொல்வார், அடுத்தவன் உரிமையைப் பறித்திருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்வார், தருமம் செய்யச் சொல்வார். நாலாம் நாள் நோன்போடேயே திடலுக்குப் போக வேண்டும், அதுவும் பெருநாள் உடுப்பில் இல்லை, வேலைக்குப் போடுகிற சாதாரண உடுப்பில். பிள்ளைகள், வயதானவர்கள், ஆடு மாடுகள்கூட வரலாம், தண்ணீர் எல்லோருக்கும்தானே வேண்டும். தொழுகை பெருநாள் தொழுகை போல, முதல் ரக்அத்தில் ஏழு தக்பீர், இரண்டாவதில் ஐந்து. ஆனால் பெருநாள் குத்பாவில் தக்பீர் சொல்லித் தொடங்கும் இடத்தில் இங்கே முதல் குத்பாவில் ஒன்பது தரமும் இரண்டாவதில் ஏழு தரமும் இஸ்திஃபார் வரும். இரண்டாவது குத்பா கொஞ்சம் போனதும் இமாம் கிப்லாவைப் பார்த்துத் திரும்பி, தோளில் கிடக்கிற சால்வையை வலது இடதாக மாற்றிப் போடுவார். பின்னால் இருக்கிற ஆண்களும் மாற்றுவார்கள். இதற்குச் சட்ட அறிஞர்கள் சொன்ன காரணம், வறட்சி மாறி வளம் வரட்டும் என்று நல்லதை எதிர்பார்த்துச் செய்யும் செயல் என்பது. அபூஹனீஃபாவிடம் அதுவும் சுன்னத் இல்லை. சால்வையைத் திருப்பினால் வானம் திரும்பும் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. அப்படித் தொனிக்க வைப்பது "வருவிக்கும்" என்ற அந்த ஒரு சொல்தான்.

இதே வியாதி கிரகணத் தொழுகைக்கும் ஒட்டிக்கொண்டது. "கிரகண தோஷம் நீங்கத் தொழுகை" என்று ஒருவர் எழுதியதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். நபியவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில், 632 ஜனவரியில், மதீனாவில் சூரியன் மறைந்தது. பிள்ளை இறந்ததால்தான் என்று சனம் பேசியது. நபியவர்களோ, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று அந்தப் பேச்சையே வெட்டினார்கள். தோஷமும் பரிகாரமும் நுழைய அங்கே இடமே இல்லை. அதனால்தான் தொழுகை தொடங்க முன்னால் கிரகணம் விட்டுவிட்டால் அந்தத் தொழுகை தவறிவிடும், கழா இல்லை என்றார்கள். காணும் அத்தாட்சிக்காகத் தொழுவது, அது போய்விட்டால் காரணமும் போய்விடும். ஒரு ரக்அத்தில் இரண்டு நிலை, இரண்டு ருகூஉ என்று அதை நீட்டித் தொழுவார்கள்.

இஸ்திஸ்காவில் சட்டம் நேர்மாறு. எல்லோரும் ஆயத்தமாகி, தொழ முன்னாலேயே மழை கொட்டிவிட்டால் என்ன செய்வது? இமாம் நவவி, அப்போதும் கூடி நன்றி சொல்லி, இன்னும் கேட்டு, சரியான கருத்துப்படி தொழவும் வேண்டும் என்கிறார். மழை பெய்யாவிட்டால் இரண்டாம் தரம், மூன்றாம் தரம் திரும்பச் செய்யலாம். "மழை வருவிக்கும் தொழுகை" என்று பெயர் வைத்தவர் பெய்த மழையில் நனைந்துகொண்டு எதை வருவிக்கப் போகிறார்?

நான் எழுதும்போது துஆவையும் சேர்த்து "நீர் வேண்டல்" என்பேன், திடலில் தொழுவதை "நீர் வேண்டல் தொழுகை" என்பேன். நீளம் என்று முறைப்பாடு வந்தால் இஸ்திஸ்கா என்றே எழுதட்டும், கிழக்கில் அந்தச் சொல் தெரியாத பள்ளிவாசல் இல்லை. மார்கழியில் மழை நிற்காமல் வீட்டுக்குள் வெள்ளம் வரும்போது "மழைத் தொழுகை" என்ற பெயர் இன்னும் குழப்பும். அனஸ் சொன்ன அந்தச் சம்பவத்தில் ஒரு கிழமை மழை விடாமல் பெய்து, அடுத்த ஜும்ஆவில் வீடு இடிகிறது என்று ஒருவர் வந்து சொல்ல, "எங்கள் மேல் வேண்டாம், எங்களைச் சுற்றிப் பெய்யட்டும்" என்று நபியவர்கள் கேட்டார்கள். ஷாஃபிஈ அறிஞர்கள் அதை வைத்து, மழை மிஞ்சினால் அந்தத் துஆவைக் கேட்பது சுன்னத், அதற்கென்று தொழுகை இல்லை என்று முடித்துவிட்டார்கள்.